என் மாத ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று சரிபார்த்துத் தர வேண்டி

அனுப்புநர்: முதுநிலை எழுத்தர், கணக்குப் பிரிவு
பெறுநர்: அலுவலர், ஓய்வூதியப் பிரிவு
நாள்: 16.4.2025

பொருள்: ஓய்வூதியக் கணக்குத் தாளில் பணிக்காலமும் சராசரிச் சம்பளமும் குறைவாக எடுக்கப்பட்டிருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வரும் மே 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறேன். நீங்கள் அனுப்பிய கணக்குத் தாள் கைக்கு வந்தது. மாத ஓய்வூதியம் 21,401 என்று போட்டிருக்கிறது. நான் கையால் போட்டுப் பார்த்தபோது 23,398 வருகிறது. மாதம் 1,997 குறைகிறது. இது பைசாவை முழுமையாக்குவதில் வந்த வித்தியாசம் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் திட்டத்தின் விதி எளிமையானதுதான். கடைசி 36 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியை எடுத்து, பணிக்காலத்தால் பெருக்கி, 60-ஆல் வகுக்க வேண்டும். முழு ஆண்டாக இல்லாத காலத்தை மாதமாக எண்ண வேண்டும். அதாவது ஒவ்வொரு ஆண்டுப் பணிக்கும் சராசரிச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு. இந்தப் பெருக்கலிலும் வகுத்தலிலும் உங்கள் தாளில் தவறே இல்லை. உள்ளே போட்ட இரண்டு எண்கள்தான் தவறு.

முதலில் பணிக்காலம். தாளில் 31 ஆண்டு 2 மாதம் என்று இருக்கிறது. பணியில் சேர்ந்த நாள் என்ற கட்டத்தில் 1.12.1993 என்று பார்த்ததுமே எங்கே பிசகியது என்று புரிந்துவிட்டது. அது நான் பணி நிரந்தரம் ஆன நாள். சேர்ந்தது 1.6.1991, தற்காலிக எழுத்தராக. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் அதே இருக்கையில் 30 மாதம் வேலை செய்த பிறகுதான் நிரந்தர ஆணை வந்தது. ஓய்வூதியத்துக்குப் பிடித்தம் செய்யப்பட்டு, தொடர்ச்சியாக நிரந்தரத்தில் முடிந்த தற்காலிகப் பணி கணக்கில் சேரும் என்று திட்ட விதிப் புத்தகம் சொல்கிறது. என்னிடம் பிடித்தம் செய்தார்களா என்பதுதான் அப்போது கேள்வி. செய்தார்கள். 1992 மார்ச் மாதச் சம்பளச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். கார்பன் நகல்தான், மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டிருக்கிறது, ஆனால் பிடித்தங்கள் வரிசையில் 'ஓய்வூதிய நிதி' என்ற தலைப்பும் அதன் கீழே தட்டச்சு செய்த தொகையும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அதே ஆண்டில் இன்னும் ஏழு சீட்டுகள் கிடைத்தன, எட்டிலும் அந்தப் பிடித்தம் உண்டு.

இது எப்படி விடுபட்டிருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். போன வாரம் என் பணிப்பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே 'பணிக்காலம் சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையும் அலுவலர் கையெழுத்தும் இருக்க வேண்டும். 1994 முதல் எல்லா ஆண்டுக்கும் இருக்கிறது. முதல் இரண்டு பக்கங்களில் மட்டும் அந்த இடம் காலியாக இருக்கிறது. பதிவேட்டைக் கணினியில் ஏற்றியபோது, முத்திரை இல்லாத காலத்தை விட்டுவிட்டு நிரந்தர ஆணையின் தேதியையே சேர்ந்த நாளாகப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முத்திரை குத்த வேண்டியது அலுவலகம். அதற்காக நான் 30 மாதப் பணியை இழப்பது நியாயம் இல்லை.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 2008-இல் அம்மா படுக்கையில் விழுந்தபோது 4 மாதம் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். அதை நீங்கள் கழித்தது சரி, அதில் எனக்குப் பேச்சே இல்லை. ஆகவே 34 ஆண்டில் 4 மாதம் போக, சேர வேண்டிய பணிக்காலம் 33 ஆண்டு 8 மாதம்.

அடுத்தது சராசரிச் சம்பளம். தாளில் 41,200 என்று இருக்கிறது. இது எனக்கு வேறொரு காரணத்தால் கண்ணில் பட்டது. 2023-இல் என் அடிப்படைச் சம்பளம் சரியாக 41,200. எனக்கு இன்கிரிமென்ட் ஒவ்வொரு ஜனவரியிலும் 1,200 வீதம் ஏறியது: 2022-இல் 40,000, 2023-இல் 41,200, 2024-இல் 42,400, இந்த ஆண்டு 43,600. மூன்று முழு ஆண்டுகளைச் சராசரி எடுத்தால்தான் நடு ஆண்டின் சம்பளம் அப்படியே விடையாக வரும். அப்படியானால் 2022 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை எடுத்திருக்கிறீர்கள். தாள் தயாரித்த தேதியும் இந்த ஆண்டு ஜனவரி 9 என்றுதான் இருக்கிறது. அன்றைக்குக் கையில் இருந்த 36 மாதத்தை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

விதி கேட்பது ஓய்வு பெறும் நாளுக்கு முந்தைய 36 மாதம். எனக்கு அது 2022 ஜூன் முதல் 2025 மே வரை. அதில் 40,000 ஏழு மாதம், 41,200 பன்னிரண்டு மாதம், 42,400 பன்னிரண்டு மாதம், 43,600 ஐந்து மாதம். கூட்டினால் 15,01,200. அதை 36-ஆல் வகுத்தால் 41,700.

இப்போது 41,700-ஐ 33 ஆண்டு 8 மாதத்தால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 23,398 வரும். விடுபட்ட 30 மாதத்தால் மட்டும் 1,700-க்கு மேல் போகிறது, மிச்சம் சுமார் 280 சராசரியால். சிறிய தொகைதானே என்று உங்கள் பிரிவில் யாரும் நினைக்க வேண்டாம். இனி வரும் உயர்வுகள் எல்லாம் இந்த அடிப்படைத் தொகையின் மேல்தான் ஏறும். எனக்குப் பிறகு என் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியமும் இதிலிருந்துதான் வரும்.

இதைப் பற்றி இரண்டு முறை போனில் கேட்டேன். இரண்டு முறையும் “சிஸ்டம் போட்ட கணக்கு, தப்பாக இருக்காது” என்றுதான் பதில் வந்தது. சேர்ந்த தேதியைத் தவறாகக் கொடுத்தால் அந்தத் தவறான தேதிக்குச் சரியாகத்தானே அது கணக்குப் போடும்? நான் கேட்டது எந்தத் தேதியை, எந்த மாதங்களை எடுத்தீர்கள் என்று. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 34 ஆண்டு மற்றவர்களின் சம்பளக் கணக்கைச் சரிபார்த்து அனுப்பியவனுக்கு, தன் கணக்கை ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். எடுத்துக்கொண்ட 36 மாதச் சம்பளத்தையும் மாதவாரியாகக் காட்டும் பட்டியலையும், பணிக்காலம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்பட்டது என்பதையும் எழுத்தில் தாருங்கள். 1991–93 காலத்தைச் சேர்க்க முடியாது என்றால், எந்த விதி எண்ணின்படி என்று குறிப்பிடுங்கள், போனில் சொன்னால் போதாது. அப்புறம், கம்யூட்டேஷன் படிவத்தை மே 15-க்குள் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வூதியத்தில் எவ்வளவு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகை வாங்குவது என்பதை ஒருமுறை எழுதிக் கொடுத்தால் மாற்ற முடியாது. தவறான தொகையை வைத்து அந்த முடிவை நான் எடுக்க முடியாது. கணக்குத் திருந்தி வரும்வரை அந்தக் கெடுவை எனக்கு நீட்டித்துத் தர வேண்டும். அதற்குள் ஜூன் பிறந்துவிட்டால் இப்போதைய 21,401-ஐத் தற்காலிகமாக வழங்கி, மீதியை நிலுவையாகத் தந்தால் போதும். அதை வாங்கிக்கொள்வதால் நான் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1992-இன் எட்டுச் சம்பளச் சீட்டுகள், 1991 நியமன ஆணை, 1993 நிரந்தர ஆணை, பணிப்பதிவேட்டின் முதல் நான்கு பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல்களை எந்த நாளில் சொன்னாலும் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். ஏப்ரல் 30-க்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
முதுநிலை எழுத்தர்