இளைஞர் மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: பங்குனித் திருவிழா வசூலும் செலவும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், மன்றத்தின் தலைவர், பொருளாளர், உறுப்பினர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்திருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம். விளையாட்டுப் போட்டி, ஊரணியைத் தூர்வாரியது, நூலகத்துக்கு நாற்காலி வாங்கியது ஆகியவற்றின் கணக்கு தனித்தாளில் உள்ளது. அவற்றில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. எனவே இந்த அறிக்கை மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு நாம் எடுத்த வசூலைப் பற்றியது மட்டுமே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தலைக்கட்டு வரி வாங்குவதும், பூசை, கரகம், முளைப்பாரிச் செலவுகளைப் பார்ப்பதும் பெரியவர்கள் பொறுப்பு. அந்தப் பணத்துக்கும் மன்றத்துக்கும் தொடர்பில்லை. அன்னதானம், ரேடியோ செட், பந்தல், நாடகம் ஆகிய நான்கும்தான் நம் பொறுப்பில் விடப்பட்டவை. வரி கட்டியாக வேண்டிய கடமை. நாம் வாங்குவது நன்கொடை. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிய ஆண்டுகளில் வந்த சண்டைகள் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

வசூலுக்கு நூறு தாள் கொண்ட மூன்று ரசீதுப் புத்தகங்களை 1 முதல் 300 வரை எண்ணிட்டு அச்சடித்தோம். தெருவுக்கு இருவர் போனார்கள். ஒருவர் அந்தத் தெருக்காரர், மற்றவர் வேறு தெருக்காரர். பணத்தை ஒருவர் வாங்க, ரசீதை மற்றவர் எழுதினார். அன்றன்று இரவு கோயில் மண்டபத்தில் அடிக்கட்டையையும் ரொக்கத்தையும் பொருளாளரிடம் வைத்துக் கூட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாளோடு வசூல் முடிந்தது. திருவிழா தொடங்கிய பிறகு கைக்கு வரும் பணம் அந்தக் கையாலேயே செலவாகிவிடும் என்பதால் இதில் பிடிவாதமாக இருந்தோம்.

கடைசியில் 257 ரசீதுகள் கொடுக்கப்பட்டிருந்தன. தப்பாக எழுதி ரத்து செய்தவை 6, எழுதாதவை 37. ரத்தான தாள்கள் இரண்டு பிரதியும் கிழிபடாமல் புத்தகத்திலேயே உள்ளன. மூன்றையும் கூட்டினால் 300 வர வேண்டும், வந்தது. எவ்வளவு வசூல் என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் கூட்டலைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு தாள் காணாமல் போயிருந்தாலும் மற்ற கணக்கு எவ்வளவு அழகாக இருந்தும் நம்ப முடியாது.

இந்த ஆண்டு அதிக நேரம் பிடித்தது ஜிபே கணக்கு. மன்றத்தின் வங்கிக் கணக்கில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும். அப்படிப்பட்ட கணக்கோடு செயலியை இணைக்க முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அதனால் பொருளாளர் பெயரில் வேறு எதற்கும் பயன்படுத்தாத புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் விழுந்ததை அவ்வப்போது மன்றக் கணக்குக்கு மாற்றினோம். இரண்டு கணக்குகளின் வங்கிப் பட்டியலும் மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன.

பட்டியலை அடிக்கட்டையோடு ஒப்பிட்டபோது 1,500 ரூபாய் அதிகமாக இருந்தது. கூடத்தானே இருக்கிறது, விட்டுவிடலாம் என்றார் ஒருவர். விடாமல் வரிவரியாகப் பொருத்தினோம். ரசீது போடாத இரண்டு வரவுகள் 2,500 ரூபாய்க்கு இருந்தன. ரசீது போட்டும் வராத பணம் 1,000 ரூபாய் இருந்தது. ஒன்றையொன்று கழித்து மீதி மட்டும்தான் மேலே தெரிந்திருக்கிறது. ரசீது இல்லாத இரண்டும் திருப்பூரிலிருந்து மருமகள்களின் போனில் மாமனார் வீட்டுக்காக அனுப்பியவை. பட்டியலில் இருந்த பெயரை ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அனுப்பியவர்களின் போனில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்து ரசீது போட்டோம். வராத ஆயிரம், போன் திரையைப் பார்த்து ரசீது எழுதியது. பணம் பாதி வழியில் நின்று, அனுப்பியவர் கணக்குக்கே திரும்பிவிட்டது. அந்த வீட்டில் சொன்னதும் ரொக்கமாகவே கொடுத்துவிட்டார்கள். இனி திரையைக் காட்டினால் போதாது, நம் கணக்கில் வரவு விழுந்த பிறகே ரசீது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியதை வாங்கினோம். சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தார். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அதை வாங்க மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நம்மிடம் இரண்டும் இல்லை. அவரிடம் விளக்கிச் சொன்னோம், புரிந்துகொண்டார்.

வரவு: உள்ளூரில் 214 ரசீதுகளில் 1,27,300, வெளியூர் ஆட்களிடம் 43 ரசீதுகளில் 86,500. பழைய இருப்பு 11,240. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்பது வந்தன. அவற்றுக்கு விலை போட்டு வரவில் சேர்க்கவில்லை, பொருள் நோட்டில் மூட்டையாகவே எழுதினோம். கிலோவுக்கு எட்டுப் பேர் என்று 1,200 பேருக்கு ஆறு மூட்டை உலையில் போட்டோம், போதுமானதாக இருந்தது. மீதி மூன்றும் மறுநாள் கோயில் வாசலில் ஏலம் போய் 3,600 ரூபாய் வந்தது. ஆக மொத்த வரவு 2,28,640.

செலவில் பெரியது நாடகம், 62,000. முன்பணம் கொடுத்ததும் மீதி கொடுத்ததும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதப்பட்டுள்ளன. அன்னதானத்துக்கு 54,650. ரேடியோ செட், சீரியல் விளக்கு, ஜெனரேட்டர் மூன்றும் சேர்த்து 48,000. இதற்கு மூன்று பேரிடம் விலை கேட்டு, மூடிய கவர்களைக் கூட்டத்தில்தான் பிரித்தோம். 55,000, 51,000, 48,000 என்று இருந்தது. பேசி முடித்தவருக்குக் கடைக்காரர் தனியாகக் கொடுக்கும் கழிவு எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். கவரைக் கூட்டத்தில் பிரித்தால் அதற்கு இடமில்லை. பந்தல் 22,000, அச்சு 7,850, தற்காலிக மின் இணைப்பும் அனுமதிகளும் 6,200, குடிதண்ணீரும் துப்புரவுக் கூலியும் 5,400, இதர செலவு 2,100. மொத்தம் 2,08,200 போக, இருப்பு 20,440. காய்கறிச் சந்தையில் பில் தரமாட்டார்கள். அங்கு வாங்கியதற்கு எடை, விலை எழுதி, வாங்கப்போன இருவரும் கையெழுத்திட்ட வவுச்சர் இருக்கிறது.

பலகையில் பெயர் எழுதுவதில்தான் பெரிய வாக்குவாதம். தொகை வாரியாக எழுத வேண்டும் என்றார்கள் சிலர். கொடுக்காதவர் பட்டியலையும் போடு என்றார்கள் இன்னும் சிலர். இரண்டையும் செயற்குழு ஏற்கவில்லை. ரசீது எண் வரிசையில் எழுதினோம். ஐம்பது ரூபாய் கொடுத்த அப்பத்தா பெயர் ஐயாயிரம் கொடுத்த இருவர் பெயருக்கு நடுவே வந்தது. அவரே வந்து பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தெருப்பெயர் தப்பு என்று சொல்லித் திருத்த வைத்தார். வளைவில் தன் படம் போட்டால் மொத்தப் பந்தல் செலவையும் தருவதாகச் சொன்னவருக்கு, ரசீது மட்டும்தான் தர முடியும் என்று பதில் சொன்னோம். அவர் தரவில்லை. அதில் மன்றத்துக்கு நட்டம்தான், ஆனாலும் அடுத்த ஆண்டும் இதே முடிவுதான் சரி என்று நினைக்கிறேன்.

செயற்குழுவில் இல்லாத இருவர் இந்தக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட்டுள்ளனர். ரசீதுப் புத்தகங்கள், வவுச்சர்கள், பொருள் நோட்டு எல்லாம் இந்த மாதம் முழுவதும் நூலகத்தில் இருக்கும். யாரும் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். கேள்வி இருந்தால் எழுத்தில் கொடுத்தால் பதிலும் எழுத்தில் வரும். இருப்பை அடுத்த ஆண்டு அன்னதானத்துக்கே ஒதுக்கவும், கணக்கை ஏற்றுக்கொள்ளவும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்