அது குறட்டை அல்ல

ஆசிரியருக்கு,

காசிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்துக்காக டயஸெபாம் மாத்திரை சாப்பிடுகிறவர். சென்ற சனிக்கிழமை, 'இன்று மாத்திரை போடவில்லையே' என்ற தைரியத்தில் குடித்துவிட்டார். அந்த மருந்தோ ஒரு நாளைத் தாண்டியும் உடம்பில் தங்கும். அதனுடன் மதுவும் சேர்ந்தால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதியே மந்தமாகிவிடும்.

இரவில் கரகரவென்று குறட்டை கேட்டது. அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிட்டார்கள். பிறகு மனைவி உலுக்கியபோது அவர் எழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது, நிமிடத்துக்கு 6, 7 மூச்சுதான். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைத்தோம். பிழைத்துக்கொண்டார்.

மோர் புகட்டச் சொன்ன பெரியவர்களின் பேச்சை நல்லவேளை யாரும் கேட்கவில்லை. மயங்கியவர் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரை அட்டையை மட்டும் மறக்காமல் கையோடு எடுத்துச் சென்றோம்; மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான்.

- ஒரு வாசகர், காசிமேடு