பிரித்து அடைத்த அலமாரிக்கு செய்முறைத் தாள் தயாரிப்பவர்களுக்கு

வணக்கம். பெட்டிக்குள் பலகை பலகையாக வரும் இரட்டைக் கதவு துணி அலமாரியோடு நீங்கள் வைக்கும் படத் தாளைப் பற்றி எழுதுகிறேன். அக்கம்பக்கத்து வீடுகளில் பல அலமாரிகளைப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். கதவு சரியில்லை என்று கூப்பிடுகிறவர்கள் கீலைத்தான் குறை சொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் பின்பலகை அடித்த நேரத்திலேயே உள்ளே போயிருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் தாள் ஒரு சுத்தியலை மட்டும் காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது.

முதலில் கேம் லாக். வட்டமான அந்தப் பூட்டின் வாய், போல்ட் நுழையும் பலகை விளிம்பைப் பார்த்து இருக்க வேண்டும். சில பூட்டுகளின் தலையில் இதற்காகவே ஒரு அம்புக்குறி உண்டு. உங்கள் படத்தில் அது கடுகளவு தெரிகிறது, பெரிதாக்கிப் போடுங்கள். போல்ட்டின் கழுத்து பலகையோடு சமமாக உட்காரும் வரைதான் முறுக்க வேண்டும் என்பதும் எழுத்தில் வேண்டும். கொஞ்சம் வெளியே நின்றாலும், அதிகமாக உள்ளே போனாலும் பூட்டு அதன் தலையைச் சரியாகக் கவ்வாது. ஒழுங்காகக் கவ்வினால் ஏறத்தாழ அரைச் சுற்றில் கை இறுக்கத்தை உணரும். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்தி, பூட்டைக் கழற்றி, போல்ட்டைப் பார்க்க வேண்டும். டிரில் மிஷினால் முறுக்குகிறவர்களுக்கு இந்த உணர்வே கிடைப்பதில்லை. பார்ட்டிகிள் போர்டில் துளை ஒருமுறை பொடிந்துவிட்டால் அந்த இடத்தில் பிடிப்பு போனதுதான்.

அடுத்ததுதான் முக்கியம். நாலு பக்கமும் பூட்டியாகிவிட்டது, கூடு தரையில் குப்புறக் கிடக்கிறது. பார்க்கச் சதுரமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நிலையில் ஒரு மூலையைத் தள்ளினால் மொத்தக் கூடும் சாயும். மெல்லிய பின்பலகைதான் அதை நிறுத்திப் பிடிக்கிறது. ஆணி அடிக்கும்போது கூடு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆணிக்கு முன்னால் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை, இரண்டு குறுக்கிலும் அளக்கச் சொல்லுங்கள். எந்தக் குறுக்கு நீளமோ அதன் இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்தி, இரண்டு அளவும் ஒன்றான பிறகு ஆணி அடிக்கட்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். 200 செ.மீ. உயரம், 100 செ.மீ. அகலம் உள்ள அலமாரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குறுக்கும் 223.6 செ.மீ. வர வேண்டும். அவற்றுக்குள் 9 மி.மீ. வித்தியாசம் இருந்தால் கூட்டின் மேல்பக்கம் கிட்டத்தட்ட 10 மி.மீ. ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கதவுகள் பக்கப் பலகையில் தொங்குவதால் அவையும் கூடவே சாயும். 50 செ.மீ. அகலக் கதவு ஒன்றின் நடு ஓரம் 2.5 மி.மீ. இறங்கும், மற்றதன் ஓரம் அதே அளவு ஏறும். மூடிப் பார்த்தால் நடுவில் 5 மி.மீ. படி. எதிரே நிற்கிற யார் கண்ணுக்கும் அது தெரியும்.

கதவு கோணினால் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு படம் போடுங்கள். இரு கதவுக்கும் நடுவே இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்து, தலைகள் மட்டும் ஏறி இறங்கி நின்றால் கூடோ தரையோதான் காரணம், கீல் இல்லை. அப்போது முன்பக்கத்தில், தாழ்ந்து நிற்கும் கதவுக்கு நேர் கீழே மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகிப் பார்க்க வேண்டும். படி குறைந்தால் தரைதான் குற்றவாளி. குறையவில்லை என்றால் பின்பலகை ஆணிகளைப் பிடுங்கி, மறுபடி அளந்து அடிப்பதுதான் வழி. இடைவெளி மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் மட்டும் கீல் பக்கம் போகலாம். பெரும்பாலான கிண்ணக் கீல்களில் கதவுக்குப் பக்கத்து ஸ்க்ரூ கதவை இட வலமாக நகர்த்தும், பின்னால் உள்ளது முன்னே பின்னே நகர்த்தும். மேல் கீலில் அந்த முதல் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, கதவை மூடிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று.

ரசமட்டம் வைத்து அலமாரி நேராக நின்றபிறகுதான் கீலைத் தொட வேண்டும் என்ற வரிசையும் தாளில் இல்லை. வரிசை மாறினால் முதலில் செய்த திருத்தம் முழுவதும் வீண். அப்புறம் சுவரோடு பிணைக்கும் பட்டையை முறுக்கும்போதும் கூடு இழுபடலாம். ஆகவே கதவு திருத்தும் படத்தை அந்தப் படத்துக்குப் பின்னால் தள்ளுங்கள்.

மொத்தமாக நான் கேட்பது, குறுக்களவுக்கு ஒரு படம், கதவு கோணலுக்கு ஒரு படம், கேம் லாக் படத்தைப் பெரிதாக்குவது, கடைசிப் படங்களின் வரிசையை மாற்றுவது. அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்து தாருங்கள்.

அன்புடன்,
அலமாரி பூட்டுகிற ஒருவர்