டொராண்டோவின் காலை பத்து மணி

டொராண்டோவில் இருக்கும் எங்கள் மேலாளர்களுக்கு,

வணக்கம். வருகிற நவம்பர் முதல் ஞாயிறு உங்கள் கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னால் போகும். வாராந்தக் கூட்டம் உங்களுக்கு அதே காலை 10 மணிதான். கொழும்பில் எங்களுக்கு இரவு 7.30 ஆக இருந்தது, மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 8.30 ஆகிவிடும். இங்கே கோடை, குளிர் என்று நேரம் மாற்றுவதில்லை. லண்டன்காரர்கள் ஒக்டோபர் கடைசி ஞாயிறே மாற்றிவிடுவதால், நடுவில் ஒரு வாரம் அவர்களுடைய 3 மணிக் கூட்டம் 2 மணிக்கே வந்து நிற்கும். போன வருடம் அங்கே இருவர் அதைத் தவறவிட்டார்கள். சோம்பேறித்தனம் என்று யாரோ எழுதினீர்கள்.

வெள்ளவத்தையில் என் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போது மைக்கை அணைத்துவிட்டு மகளின் வாயில் ஒரு பிடி சோறு வைப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் என் பெயரைக் கூப்பிடுவீர்கள்.

மூன்று ஊருக்கும் சௌகரியமான நேரம் கிடையாது, சரி. ஆனால் அசௌகரியம் எப்போதும் ஒரே ஊருக்கு என்பது என்ன நியாயம்? ஒரு மாதம் உங்கள் 10 மணி, அடுத்த மாதம் எங்கள் மாலை 5.30 என்று மாற்றி மாற்றி வைப்போம். குளிர்காலத்தில் அது உங்களுக்குக் காலை 7, லண்டனுக்கு நண்பகல். கலண்டர் அழைப்பையும் அந்த மாதம் America/Toronto-வை விட்டு Asia/Colombo-வில் போட வேண்டும். இல்லாவிட்டால் கடிகாரம் மாறும்போது மறுபடி நாங்கள்தான் நகர வேண்டும்.

அப்புறம் வேலை கைமாறும் விஷயம். இதில் பிழை என்னுடையது. ஓகஸ்டில் ஒரு நாள், வங்கிக் கோப்பு வரத் தாமதம். மாலை 5.30க்குக் கிளம்பும்போது டிக்கெட்டில், “8 மணிக்குப் பிறகு பில்லிங்கை ஓட்டுங்கள்” என்று எழுதிவிட்டுப் போனேன். நான் சொன்னது எங்கள் இரவு 8. நான் கிளம்பும்போது உங்கள் ஊரில் காலை 8. அங்கே பொறுப்பேற்றவர் 8.05க்கு ஓட்டிவிட்டார். கோப்பு இல்லாததால், பணம் கட்டியவர்களுக்கெல்லாம் “கட்டவில்லை” என்று நினைவூட்டல் போனது. இரண்டு நாள் மன்னிப்புக் கடிதம் எழுதினோம்.

இப்போது இப்படி எழுதுகிறேன்: “பில்லிங் நிற்கிறது, வங்கிக் கோப்பு வரவில்லை. 14:30 UTC-க்கு வரும். கோப்பைக் கண்ணால் பார்த்த பிறகே ஓட்டவும். 15:30 UTC-க்கும் வராவிட்டால் ஓட்டாமல் எனக்கு அழைக்கவும்.” அந்தப் பக்கத்தில் ஒருவர் “எடுத்துக்கொண்டேன்” என்று பதில் போடும்வரை வேலை என் பெயரிலேயே இருக்கும். பதில் வராமல் மடிக்கணினியை மூடுவதில்லை. நீங்களும் மாலையில் எங்களுக்குக் கொடுக்கும்போது இதையே செய்யுங்கள். “பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, நீங்கள் தூங்கும் நேரத்தில் நாங்கள் யாரைக் கேட்பது?

நவம்பர் இரண்டாம் வாரக் கூட்டத்துக்கான அழைப்பை நானே அனுப்புகிறேன். உங்களுக்குக் காலை 7 மணி.

இப்படிக்கு,
கொழும்புக் குழுவில் ஒருவர்