பேங்க் ஃபைலை எக்செலில் திறக்கச் சொல்லாதீர்கள்: முதலாளிகளுக்கு ஒரு மடல்

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். பதினாறு வருடமாக இந்த ஊரில் சப்ளையர் பேமென்ட் போடுகிற ஆள் நான். நூல்காரர், சாயப்பட்டறை, எம்பிராய்டரி, பட்டன், அட்டைப்பெட்டி என்று வாரம் நூற்றுச் சொச்சம் பேருக்குப் பணம் போகும். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பேமென்ட் லிஸ்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, போன் போட்டு அதை மாற்றாதீர்கள்.

ஏன் என்று சொல்ல ஒரு சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது. அன்று 137 பேருக்கு லிஸ்ட் போட்டு, முதலாளி பார்த்துக் கையெழுத்தும் ஆகிவிட்டது. அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரில் இருந்து பேங்க் ஃபைலை எடுத்து வைத்திருந்தோம். காற்புள்ளியால் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒரு வரிக்கு ஒரு பார்ட்டி. அந்த நேரத்தில் போன் வந்தது: "பெட்டிக்காரனை அடுத்த வாரம் பார்த்துக்கலாம், எடுத்துரு."

ஒரு வரியை அழிக்கத்தானே என்று தம்பி ஒருவர் ஃபைலை டபுள் கிளிக் செய்தார். எக்செல் திறந்தது. கணக்கு எண் இருந்த இடமெல்லாம் 6.04214E+15 என்பது போல நின்றது. அப்படியே சேமித்து அனுப்பியிருந்தால்கூட வங்கி அந்த வரிகளை ஏற்காமல் தள்ளியிருக்கும், தப்பித்திருப்போம். ஆனால் தம்பி பொறுப்பான ஆள். அந்தப் பத்தியைத் தசமப் புள்ளி இல்லாத நம்பர் ஆக மாற்றி, எல்லாம் இலக்கமாகத் தெரிவதைப் பார்த்து, திருப்தியோடு சேமித்தார்.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் பிடித்து வைக்கும். பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யமாகிவிடும். பெரும்பாலான கணக்கு எண்கள் அதற்குள் அடங்குவதால் ஒன்றும் ஆகவில்லை. லிஸ்டில் 16 இலக்கக் கணக்கு மூன்று இருந்தது. ஒன்று தற்செயலாகப் பூஜ்யத்தில் முடிகிற எண், அது பிழைத்தது. மற்ற இரண்டும் மாறின. ஒன்று இப்படி (எண்ணும் வங்கிக் குறியீடும் நான் கற்பனையாகப் போட்டவை):

```
N,6042138875501937,184500.00,ABCD0001234
N,6042138875501930,184500,ABCD0001234
```

மேலே உள்ளது சாஃப்ட்வேர் கொடுத்தது. கீழே உள்ளது வங்கிக்குப் போனது. எத்தனை வரி, மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் சரிபார்த்தோம். 136 வரி, பெட்டிக்காரரின் தொகை குறைந்த மொத்தம், எல்லாம் பைசா பிசகாமல் இருந்தது. இருக்கத்தானே செய்யும்? தொகை எதுவும் மாறவில்லையே.

நெஃப்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவாகிறது. வரவு வைக்கும்போது பெயரை ஒப்பிடுவதில்லை. ஒரு தொகை மதியமே திரும்பி வந்தது, அப்படியொரு கணக்கே இல்லை. இன்னொன்று முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் விழுந்தது. அவர் சம்மதித்தால்தான் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியும். கடிதம், பிராஞ்ச், மறுபடி கடிதம் என்று எட்டு வாரம் அலைந்தோம். சப்ளையருக்கு அதற்குள் கைக்காசாக வேறு கொடுக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் கூட்டி வைத்துக்கொள்வேன். சாஃப்ட்வேரில் இருந்து ஒரு கூட்டல், அப்லோடு செய்யப்போகிற ஃபைலில் இருந்து ஒரு கூட்டல். அன்றைக்குப் பெட்டிக்காரரைக் கழித்துவிட்டு இதைச் செய்திருந்தால் ஒன்று 6,91,204 என்றும் மற்றது 6,91,193 என்றும் வந்திருக்கும். வித்தியாசம் 11, தொலைந்த 7-ம் 4-ம்தான் அது. முன்னால் இருக்கிற பூஜ்யம் காணாமல் போனால் மட்டும் இந்தக் கூட்டலில் தெரியாது. அதற்கு இலக்கங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபைலைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நோட்பேடில் திறக்கலாம், அது எதையும் மாற்றாது.

சரி, பெட்டிக்காரர் என்ன ஆனார் என்று கேட்கவில்லையே. அவர் கதைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வங்கி ஃபைலில் இருந்து அவரை எடுத்தோம், சாஃப்ட்வேரில் எடுக்கவில்லை. அங்கே அவர் பில்லுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது என்று வரவு செலவு முடிந்திருந்தது. அதனால் அடுத்த வார லிஸ்டில் அவர் பெயர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் அவரே போன் செய்தார். "கொடுத்தாச்சே அண்ணா, யுடிஆர் நம்பர் தரட்டுமா" என்று சொல்லிவிட்டுத் தேடினேன். நம்பர் இல்லை.

அவர் உத்யம் பதிவுள்ள சிறுதொழில்காரர். பெட்டியை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. சனிக்கிழமை மட்டும் பேமென்ட் போடுகிற நாங்கள் அடுத்த வெள்ளி வரை டியூ ஆகிறதையெல்லாம் இந்த வாரமே எடுப்பதற்குக் காரணம் அதுதான். செவ்வாய்க்கிழமை டியூ ஆகிறவரை இன்று விட்டால் அவருக்கு நான்கு நாள் தாமதம் நிச்சயம். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பதற்கு விலை உண்டு.

செக் விஷயத்திலும் இதே கதைதான், வேஷம் வேறு. பிரின்டரில் ஒரு செக் இலை சிக்கிக் கிழிந்தால், சாஃப்ட்வேரில் அந்த நம்பரை ரத்து என்று போட்டுவிட்டுத்தான் அடுத்ததை அச்சடிக்க வேண்டும். அவசரத்தில் விட்டால் அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு செக்கும் ஒரு நம்பர் தள்ளிப் போகும். ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு பாசிட்டிவ் பே என்று நம்பர், தேதி, பெயர், தொகையை வங்கிக்கு முன்கூட்டியே அனுப்புகிறோம் இல்லையா, அந்த விவரம் முழுக்கத் தப்பாகும். முதல் செக் போய்த் திரும்பினால்தான் தெரியும். அதனால் அச்சு முடிந்ததும் கடைசி இலையின் நம்பரைக் கையில் வைத்துச் சாஃப்ட்வேரோடு ஒப்பிடுங்கள். அது ஒத்துப்போய், நடுவில் கிழிந்த இலைக்கெல்லாம் ரத்து விழுந்திருந்தால் கவலை இல்லை.

கையெழுத்துப் போட்ட செக்கை டிராயரில் பூட்டி வைக்கிற வழக்கமும் பெட்டிக்காரர் கதைதான். புத்தகத்தில் கொடுத்தாச்சு, ஆள் கையில் இல்லை. செக் கொடுத்தால் இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும் என்ற பழைய கணக்கையும் மறந்துவிடுங்கள். 2025 அக்டோபர் 4-லிருந்து காலையில் போட்ட செக்குக்கு அன்று மாலை 7 மணிக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

பணம் உங்களுடையது. யாருக்கு எப்போது என்பதும் உங்கள் முடிவு. அதைக் கையெழுத்துக்கு முன்னால் சொல்லுங்கள். வெள்ளி மாலை லிஸ்ட் வரும்போது நான்கு பேரைக் கோடு போட்டு அடித்தாலும் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்குப் பிறகு ஒருவரை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், மொத்த லிஸ்டையும் சாஃப்ட்வேரில் ரத்து செய்து, அவரை எடுத்துவிட்டு, புது ஃபைல் போட்டு, புதுக் கையெழுத்து வாங்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். போனில் "அந்த ஒரு லைனை மட்டும்" என்று சொல்லாமல், அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பேமென்ட் போடுகிறவன்,
திருப்பூர்