கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா? கண்ணைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

நாற்பது வயதை ஒட்டி கண்ணின் லென்ஸ் வளைந்துகொடுக்கும் தன்மை குறைந்து வெள்ளெழுத்து வருகிறது. அறுபதில் படிக்க +2.50 வரை பவர் தேவைப்படலாம். ஆனால் வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் சில பெரியவர்கள், "இப்போ கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்" என்று மகிழ்கிறார்கள். இது பெரும்பாலும் கண்புரையின் தொடக்கம். லென்ஸின் நடுப்பகுதி இறுகி ஒளியை அதிகமாக வளைப்பதால் கிட்டப்பார்வை உண்டாகிறது. தூரப் பவர் -2.00 ஆகிவிட்டால் அரை மீட்டரில் இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரியும். வள்ளலார் நகர் நிறுத்தத்துக்கு வரும் பஸ்ஸின் நம்பர் தெரியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசும். புரை வளர வளரப் படிப்பதும் மங்கிவிடும்.

நடைபாதைக் கடையில் வாங்கும் ரெடிமேட் கண்ணாடி இதைக் காட்டிக்கொடுக்காது. சொட்டு மருந்தால் கண் பாப்பாவை விரித்து, ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால்தான் புரையின் அளவு தெரியும். விழித்திரையையும் அப்போதே பார்த்துவிடலாம். மருந்து போட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறது. "புரை முற்றட்டும்" என்று காத்திருக்காதீர்கள். முற்றிய லென்ஸ் கண் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கெடுக்கலாம். அப்படி இழந்த பார்வை அறுவை சிகிச்சையாலும் திரும்பாது.

- கண் பரிசோதகர்கள் சிலர், தண்டையார்பேட்டை