எல்லோரும் கைவேலையைக் கீழே வைத்த நாள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, அதற்காக ஊருக்குப் போயிருந்தேன். நன்றாக இருக்கிறார். சொட்டு மருந்து விட வருகிறவர்களை அதட்டும் அளவுக்கு நன்றாக.

உங்கள் மேனேஜர் மாதத்துக்கு மூன்று முறை "எல்லாரும் எல்லாத்தையும் விடுங்க, இதை முதல்ல முடிங்க" என்று சொல்லி அதற்கு ஸ்வார்ம் என்று பெயரும் வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். எங்கள் டீமிலும் இந்த வருடம் இரண்டு முறை அப்படி மொய்த்தோம். ஒன்று பலித்தது, இன்னொன்று வீண்.

பலித்ததைச் சொல்கிறேன். சந்தா கட்டுவதற்கான புதிய வசதி 1ஆம் தேதி நேரலைக்குப் போக வேண்டும். சோதனையில் சில கட்டணங்கள் மட்டும் இரண்டு தடவை பதிவாகிக்கொண்டிருந்தன. எங்கள் ஆள் ஒருவர் மூன்று நாள் தனியாக மண்டையை உடைத்துக்கொண்டார். தினமும் ஸ்டாண்டப்பில் "இன்னிக்கு முடிஞ்சிரும்" என்பார். மூன்றாம் நாள் எங்கள் வேலைப் பலகையைப் பார்த்தேன். மற்றவர்கள் கையில் இருந்த ரீஃபண்ட், ரசீது, மாதக் கணக்கு மூன்றும் இது சரியானால்தான் வெளியே போக முடியும். அவற்றை அன்றைக்கே முடித்தாலும் வரிசையில் சும்மாதான் நிற்கும். ஆகவே நிறுத்தினால் பெரிய நஷ்டமில்லை. வேலை முக்கியமானது என்பதைவிட இந்தக் கணக்குத்தான் என்னை முடிவெடுக்க வைத்தது.

உடனே பாயவில்லை. கால் மணி நேரம் கொடுத்தேன். அவரவர் பாதியில் இருப்பதை பிராஞ்சில் போட்டுவிட்டு, எங்கே நிறுத்தினோம் என்று டிக்கெட்டில் ஒரு வரி எழுத வேண்டும். முகம் சுளித்தார்கள். ஆனால் மறுநாள் யாரும் விட்ட இடத்தைத் தேடி அலையவில்லை.

பிறகு கேள்விகளைப் பிரித்தோம். ஆறு பேரும் ஒரே திரையைப் பார்த்திருந்தால் ஒருவர் தட்ட ஐந்து பேர் யோசனை சொல்லியிருப்பார்கள். சிக்கலை வைத்திருந்தவர், பயனர் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறார் என்றே மூன்று நாளும் நம்பியிருந்தார். அதைச் சரிபார்க்க முன்பக்க வேலை பார்ப்பவரும் டெஸ்டரும் போனார்கள். சிக்கலை வைத்திருந்தவர் லாக் முழுவதையும் முதலிலிருந்து படித்தார். இன்னொருவர் இரட்டையாக விழுந்த பதிவுகளை நேரத்தோடு பட்டியலிட்டார். ஒரு பெண் பேமெண்ட் கேட்வேயின் ஆவணத்தைப் படித்தார். வெளியிலிருந்து வரும் போனுக்கும் கேள்விக்கும் நான் மட்டும் பதில் சொன்னேன். இதற்கு ஒரு ஆள் இல்லாவிட்டால் மொய்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போவார்கள்.

இரண்டு மணி நேரத்தில் பட்டியல்காரர் சொன்னார்: இரண்டு பதிவுக்கும் நடுவே இடைவெளி எப்போதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. விரல் அப்படி அழுத்தாது. ஆவணம் படித்தவர் உடனே நிமிர்ந்தார். குறித்த நேரத்துக்குள் நம் சர்வர் பதில் சொல்லாவிட்டால் கேட்வே அதே தகவலை மறுபடி அனுப்பும் என்று அதில் இருந்தது. எங்கள் நிரல் தகவல் வந்ததும் முதலில் ரசீது பிடிஎஃப் தயாரித்து, அதற்கப்புறம்தான் பதில் சொன்னது. பிடிஎஃப் தாமதமான தடவைகளில் கட்டணம் இரண்டானது.

காரணம் தெரிந்ததும் கூட்டத்தைக் கலைத்தேன். இனி செய்ய வேண்டியவை இவைதான்: தகவலைச் சேமித்து உடனே பதில் அனுப்புவது, பிடிஎஃப்பை வரிசையில் போடுவது, அதே `event_id` இரண்டாம் முறை வந்தால் டேபிளே ஏற்க மறுப்பது. எழுத ஒருவர், சரிபார்க்க ஒருவர் போதும். நான்கு பேர் கூட இருந்தால் இடைஞ்சல்தான்.

வீணானது இதற்கு நேர்மாறு. எங்கள் சர்வர் முகவரியை வங்கி தன் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. அவசரம் அதே அவசரம்தான். ஆறு பேரும் அரை நாள் உட்கார்ந்தோம். அங்கே செய்ய இருந்ததோ ஒரே வேலை, சரியான ஆளைப் பிடித்துப் போன் போடுவது. பூட்டு வெளியே இருக்கும்போது உள்ளே எத்தனை பேர் தள்ளி என்ன?

டொயோட்டா ஆலையில் சிக்கலைக் கண்ட தொழிலாளி உதவிக்கு அழைக்கும் கயிற்றை இழுத்தால் மொத்த லைனும் அந்த நொடியே நிற்காது, தெரியுமா? முதலில் குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அடுத்த குறியைத் தொடுவதற்குள் சரியானால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால்தான் நிற்கும். நாங்களும் இப்போது அப்படித்தான். சிக்கியவர் அரை நாளில் சொல்ல வேண்டும், முதலில் இன்னொருவர் போய் உட்காருவார், அன்று மாலைக்குள் பிடிபடாவிட்டால்தான் எல்லோரும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய மூன்றில் இரண்டு, ரிலீஸ் வேலை தெரிந்த அந்த ஒரே ஆள் லீவில் இருந்ததால் நின்றவை. அதற்கு எட்டுப் பேரை ஏன் நிறுத்த வேண்டும்? அடுத்த இரண்டு ரிலீஸை வேறு ஒருவர் கையால் செய்யட்டும், வேலை தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். மேனேஜரிடம் நீயே சொல்லிப் பார். மூன்றாவது சிக்கல் எதில் நின்றது என்று நீ எழுதவில்லை. அதை எழுது.

தை மாதம் வருவாய்தானே? அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
முரளி